பாகுத் திரவத்தில் விழும் குண்டு: முற்றுத் திசைவேகமும் ஆரமும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிசரினில் ஸ்டீல் குண்டுகளைப் போட்டு நேரம் பார்க்கிற சோதனையைச் செய்தவர்களுக்கு வரும் சந்தேகங்கள்தான் இவை. கணக்குகள் எல்லாவற்றுக்கும் ஒரே ஏற்பாட்டை வைத்துக்கொள்கிறேன், அப்போதுதான் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். 20 டிகிரி செல்சியஸில் சுத்தமான கிளிசரின், அதன் அடர்த்தி கன மீட்டருக்கு 1260 கிலோகிராம், பாகியல் எண் 1.41 பாஸ்கல் நொடி. குண்டுகள் ஸ்டீல், அடர்த்தி 7800. ஜாடியின் உள் ஆரம் 25 மி.மீ. இதில் வரும் வேகங்கள் சூத்திரத்திலிருந்து கணக்கிட்டவை.

குண்டு ஏன் ஒரு கட்டத்துக்குப் பிறகு வேகம் கூடாமல் ஒரே சீராக இறங்குகிறது?

குண்டின் மேல் மூன்று விசைகள் இருக்கின்றன. எடை கீழே இழுக்கிறது, மிதப்பு விசை மேலே தள்ளுகிறது, திரவத்தின் பாகியல் விசையும் மேலே இழுக்கிறது. முதல் இரண்டும் குண்டு எவ்வளவு வேகமாகப் போனாலும் மாறாது. மூன்றாவது மட்டும் வேகத்தோடு வளரும். வளர்ந்து வளர்ந்து ஒரு கட்டத்தில் மூன்றும் சேர்ந்து பூஜ்யமாகிவிடும், அதற்கு மேல் வேகம் கூட எதுவும் இல்லை. அந்த வேகம்தான் முற்றுத் திசைவேகம்.

எடை r³ ஆகக் கூடுகிறது, தடை பரப்பைப் பொறுத்தது என்றால் r² ஆகக் கூட வேண்டும். அப்படியானால் வேகம் r ஆகத்தானே வர வேண்டும்? ஏன் r²?

தடை பரப்பைப் பொறுத்தது என்பது பாதி உண்மைதான். பாகியல் விசைக்குப் பரப்போடு இன்னொன்றும் வேண்டும்: திரவத்தின் வேகம் இடத்துக்கு இடம் எவ்வளவு செங்குத்தாக மாறுகிறது என்பது, அதாவது திசைவேகச் சரிவு.

குண்டை ஒட்டியிருக்கும் திரவம் குண்டோடு சேர்ந்தே போகிறது. தொலைவில் திரவம் அசையாமல் நிற்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் வேகம் குறைந்துகொண்டே போவதற்கு எவ்வளவு தூரம் ஆகிறது? குண்டின் ஆரம் அளவிலான தூரம். சின்னக் குண்டு என்றால் அந்தத் தூரம் சின்னது, சரிவு செங்குத்து. பெரிய குண்டு என்றால் அதே வேகமாற்றம் அகலமாகப் பரவிவிடுகிறது, சரிவு தளர்ந்துவிடுகிறது. ஆகவே சரிவு v/r அளவில் இருக்கும், பரப்பு r² அளவில் இருக்கும், இரண்டையும் பெருக்கினால் தடை r·v என்று வந்து நிற்கும். ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1851-இல் வெளியிட்ட கட்டுரையில் இதைத் துல்லியமாகத் தீர்த்தபோது முன்னால் நிற்கும் எண் 6π என்று வந்தது.

```
F = 6 π η r v
```

இதில் மூன்றில் இரண்டு பங்கு பரப்பின் மேல் உரசும் விசை, மீதி ஒரு பங்கு குண்டின் முன்னால் அழுத்தம் கூடி பின்னால் குறைவதால் வருவது. சரி, எடையிலிருந்து மிதப்பைக் கழித்தது r³, தடை r·v, இரண்டையும் சமமாக்கினால் v என்பது r² ஆகத்தான் இருக்க முடியும்.

```
v = 2 r² (ρ − σ) g / (9 η)
```

ρ குண்டின் அடர்த்தி, σ திரவத்தின் அடர்த்தி, η பாகியல் எண். இதில் r ஆரம், விட்டம் அல்ல. விட்டத்தை அப்படியே போட்டுவிட்டால் வேகம் நான்கு மடங்காக வந்து நிற்கும். பதில் சரியாக நான்கு மடங்கு தப்பினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

எண்களில் சொல்லுங்கள். நம்ம ஏற்பாட்டில் எவ்வளவு வேகம் வரும்?

மேலே சொன்ன மதிப்புகளைப் போட்டால் r²-க்கு முன்னால் இருக்கும் எண் சுமார் 10.1 ஆகிறது, அதாவது ஆரத்தை மில்லிமீட்டரில் வைத்தால் வேகம் நொடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று நேராகக் கிடைக்கும். ஆரம் 1 மி.மீ. குண்டு நொடிக்கு 10.1 மி.மீ. இறங்கும். 2 மி.மீ. குண்டு 40.4, 3 மி.மீ. குண்டு 91, 4 மி.மீ. குண்டு 162. ஆரம் நான்கு மடங்கானால் வேகம் பதினாறு மடங்கு.

ஆனால் இது முடிவே இல்லாத ஒரு கிளிசரின் கடலில் விழும் குண்டுக்கான வேகம். ஜாடியில் இது வராது. அடுத்த கேள்விகள் எல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

log r-க்கு எதிராக log v வரைந்தேன். சாய்வு 2 வர வேண்டும், எனக்கு 1.8 தான் வருகிறது. எங்கே தப்பு செய்தேன்?

பெரும்பாலும் நீங்கள் தப்பே செய்திருக்க மாட்டீர்கள். எனக்கும் முதலில் இப்படித்தான் வந்தது, நிறுத்துக் கடிகாரத்தைத்தான் சந்தேகப்பட்டேன், மூன்று தடவை திரும்ப எடுத்தும் எண் நகரவில்லை. திரும்பத் திரும்ப ஒரே எண் வருகிறது என்றால் அது கை தவறு இல்லை, அதற்குள் ஏதோ காரணம் இருக்கிறது. இங்கே அந்தக் காரணம் ஜாடியின் சுவர்.

குண்டு கீழே போகும்போது அது விட்டுப்போன இடத்தை நிரப்பத் திரவம் சுற்றிக்கொண்டு மேலே வந்தாக வேண்டும். சுவர் பக்கத்தில் இருந்தால் அந்த வழி குறுகல், போதாததற்குச் சுவரை ஒட்டிய திரவம் அசையவே அசையாது. அதனால் திசைவேகச் சரிவு கூடுகிறது, தடை கூடுகிறது, வேகம் குறைகிறது. எவ்வளவு குறைகிறது என்பது குண்டின் ஆரத்துக்கும் ஜாடியின் ஆரத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. விகிதம் சிறியதாக இருக்கும்வரை இப்படி எழுதலாம்:

```
v(ஜாடி) ≈ v(ஸ்டோக்ஸ்) × (1 − 2.1 r/R)
```

இது ஃபாக்சன் கண்டுபிடித்த திருத்தத்தின் முதல் உறுப்பு. உருளையின் நடு அச்சில் விழும் குண்டுக்கு இது பொருந்தும். புத்தகங்களில் லாடன்பர்க் திருத்தம் என்று 2.4 போட்டும் பார்த்திருப்பீர்கள். அது சற்றுப் பழையது, எண் கொஞ்சம் வேறு, கருத்து ஒன்றுதான்.

இப்போது நம் குண்டுகளைப் பாருங்கள். ஃபாக்சனின் அடுத்த உறுப்புகளையும் சேர்த்தே கணக்கிடுகிறேன். 1 மி.மீ. குண்டுக்கு வேகம் 10.1-லிருந்து 9.25 ஆகக் குறைகிறது, 8 சதவீதம்தான். 2 மி.மீ. குண்டு 40.4-லிருந்து 33.6 ஆகிறது. 3 மி.மீ. குண்டு 91-லிருந்து 68. 4 மி.மீ. குண்டு 162-லிருந்து 109, மூன்றில் ஒரு பங்கு போயே போய்விட்டது. அதாவது சுவர் எல்லாக் குண்டையும் ஒரே அளவில் தடுப்பதில்லை, பெரிய குண்டை அதிகமாகத் தடுக்கிறது. அதனால் கோட்டின் மேல்முனை கீழே சாய்கிறது. 1 மி.மீ.-இலிருந்து 4 மி.மீ. வரை வேகம் 16 மடங்கு ஆகாமல் 11.7 மடங்குதான் ஆகிறது, அதை அடுக்காக மாற்றினால் சுமார் 1.78. நீங்கள் பார்த்த 1.8 இதுதான்.

சுவர் குண்டிலிருந்து இருபத்தைந்து மடங்கு தள்ளி இருக்கிறது, அப்படியும் 8 சதவீதம் பாதிக்குமா? நம்ப முடியவில்லை.

நியாயமான சந்தேகம், ஏனென்றால் நாம் பழகிய பல விசைகள் தூரத்தில் சட்டென்று செத்துவிடும். பாகு நிறைந்த திரவத்தில் மெதுவாகப் போகும் குண்டு உண்டாக்கும் கலக்கம் அப்படிச் சாகாது. அது தூரத்துக்கு எதிர்விகிதமாக மட்டுமே குறைகிறது. குண்டின் பக்கவாட்டில், மையத்திலிருந்து பத்து ஆரம் தள்ளி ஒரு துளியை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லையற்ற திரவத்தில் அந்தத் துளிகூடக் குண்டின் வேகத்தில் 7.5 சதவீதம் வேகத்தோடு கீழே இழுபட்டுக்கொண்டிருக்கும். இருபத்தைந்து ஆரம் தள்ளிப் போனால் 3 சதவீதம். அங்கே ஒரு சுவரைக் கொண்டுவந்து வைத்தால் அந்தத் திரவம் நின்றே ஆக வேண்டும், வட்டமாக எல்லாப் பக்கமும் நின்றாக வேண்டும். நிறுத்திய அந்த விசையைக் குண்டுதான் கடைசியில் உணர்கிறது.

இதே காரணத்தால் இரண்டு குண்டுகளை அடுத்தடுத்துப் போடக்கூடாது. முதல் குண்டு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போது இரண்டாவதைப் போட்டால் ஒன்றின் ஓட்டத்தில் மற்றொன்று மிதந்துபோய் இரண்டின் நேரமும் கெட்டுவிடும்.

அப்போ r² என்பதைச் சரிபார்க்க வழியே இல்லையா? பெரிய ஜாடிக்கு எங்கே போவது?

வழி இருக்கிறது, என்னைக் கேட்டால் log–log வரைபடத்தைவிட இது நல்ல வழி. ஒவ்வொரு குண்டுக்கும் v/r² கணக்கிடுங்கள். அதை y அச்சில், r-ஐ x அச்சில் வைத்து வரையுங்கள்.

ஸ்டோக்ஸ் சொன்னது மட்டும் நடந்தால் எல்லாப் புள்ளியும் ஒரே உயரத்தில், கிடைக்கோட்டில் நிற்கும். சுவரும் சேர்ந்தால் கோடு நேராகக் கீழே சாயும். நம் எண்களில் 1 மி.மீ. குண்டுக்கு v/r² 9.25, அடுத்தது 8.4, அடுத்தது 7.6, கடைசியாக 6.8. ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஏறக்குறைய 0.8 குறைகிறது. இந்தக் கோட்டைப் பின்னால் r = 0 வரை நீட்டினால் y அச்சை 10.1-இல் தொடும், அதுதான் சுவரே இல்லாத கடலின் மதிப்பு. ஆரம் பூஜ்யமாகிற குண்டுக்குச் சுவர் எல்லையற்ற தூரத்தில் இருக்கிறது என்பதால் இந்த நீட்டல் நியாயமானது.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. சாய்வை வெட்டுத்துண்டால் வகுத்தால் மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 0.08 வருகிறது, 2.1-ஐ 25-ஆல் வகுத்தாலும் கிட்டத்தட்ட அதேதான், 0.084. உங்கள் ஜாடியின் ஆரத்தை அளந்து இந்த இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போனால் கோடு சாய்ந்ததற்குச் சுவர்தான் காரணம் என்று துணிந்து எழுதலாம், பொத்தாம்பொதுவாக "சோதனைப் பிழை" என்று எழுத வேண்டியதில்லை.

ஒவ்வொரு குண்டுக்கும் தனித்தனியாகப் பாகியல் எண் கணக்கிட்டுச் சராசரி எடுத்தால் போதாதா?

கூடாது. மேலே உள்ள ஜாடி வேகங்களைத் திருத்தாமல் சூத்திரத்தில் போட்டால் 1 மி.மீ. குண்டு 1.54 என்கிறது, 2 மி.மீ. குண்டு 1.69, 3 மி.மீ. குண்டு 1.88, 4 மி.மீ. குண்டு 2.10. உண்மை 1.41. நாலுமே ஒரே பக்கமாகத் தப்பியிருக்கின்றன, சராசரி எடுத்தால் 1.80 வரும், அது யாருடைய மதிப்பும் இல்லை. மேலும் கீழும் சிதறும் பிழைக்குத்தான் சராசரி மருந்து.

இந்தப் பட்டியலே ஒரு நல்ல அடையாளம். கிளிசரினுக்குத் தன்னுள் விழுவது சின்னக் குண்டா பெரிய குண்டா என்று தெரியாது, அதன் பாகியல் எண் ஒன்றே ஒன்றுதான். ஆரம் கூடக் கூடப் பாகியல் எண்ணும் கூடுகிறது என்று உங்கள் அட்டவணை சொன்னால், சூத்திரத்தில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

ரெனால்ட்ஸ் எண் 1-க்குக் கீழே இருந்தால் ஸ்டோக்ஸ் விதி சரி என்கிறார்களே, அது போதுமா?

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதைப் பொறுத்தது. ரெனால்ட்ஸ் எண் என்பது திரவத்தின் நிலைமத்துக்கும் பாகியலுக்கும் உள்ள விகிதம், இங்கே விட்டத்தை வைத்துக் கணக்கிடுகிறேன்.

```
Re = σ v (2r) / η
```

v தானே r² ஆகப் போவதால் Re என்பது r³ ஆக ஏறும். இதைப் பலர் கவனிப்பதில்லை. நம் கிளிசரினில் 1 மி.மீ. குண்டுக்கு Re வெறும் 0.018, 2 மி.மீ. குண்டுக்கு 0.14, 3 மி.மீ. குண்டுக்கு 0.49, 4 மி.மீ. குண்டுக்கு 1.2. ஆரத்தை இரண்டு மடங்காக்கியதும் எட்டு மடங்கு தாவுகிறது.

Re சிறியதாக இருக்கும்போது தடை எவ்வளவு கூடுகிறது என்பதற்கு ஓசீன் கொடுத்த திருத்தம் இருக்கிறது: தடையை (1 + 3Re/16) ஆல் பெருக்க வேண்டும். Re 0.14 என்றால் கூடுதல் தடை 3 சதவீதத்துக்குள், Re 0.5 என்றால் 9 சதவீதம். ஆகவே 1 என்பது ஒரு மதில் இல்லை, அதற்கு வெகு முன்பே விதி மெல்ல வழுக்க ஆரம்பிக்கிறது. ஓரிரு சதவீதத் துல்லியம் வேண்டுமானால் Re 0.1-க்குக் கீழே இருங்கள். நம் ஜாடியில் எந்தக் குண்டை எடுத்தாலும் நிலைமத்தைவிடச் சுவரின் பாதிப்புதான் பெரிது, ஆனால் 3 மி.மீ., 4 மி.மீ. குண்டுகளில் நிலைமமும் கொஞ்சம் கை வைக்கும். அளந்த புள்ளிகள் அங்கே மேலே சொன்ன கோட்டுக்குச் சற்றுக் கீழே விழுந்தால் அதனால்தான். கோட்டைச் சின்னக் குண்டுகளை நம்பி வரையுங்கள்.

மேல் குறியை எங்கே போடுவது? குண்டு முற்றுத் திசைவேகத்தை எட்டிவிட்டது என்று எப்படித் தெரியும்?

வேகம் நிலைபெற எடுக்கும் நேரம் தோராயமாக 2ρr²/(9η). 1 மி.மீ. குண்டுக்கு இது ஆயிரத்தில் ஒரு நொடிதான், அதற்குள் அது நூறில் ஒரு மில்லிமீட்டர் அளவே போகும். 4 மி.மீ. குண்டுக்கு நேரம் 0.02 நொடி, தூரம் இரண்டு மூன்று மில்லிமீட்டர். உண்மையில் சுற்றியுள்ள திரவத்தையும் சேர்த்து நகர்த்த வேண்டியிருப்பதால் இன்னும் கொஞ்சம் ஆகும், இருந்தாலும் 5 செ.மீ. விட்டால் தாராளம். அடியிலும் அதே அளவு விடுங்கள், ஜாடியின் தரையும் ஒரு சுவர்தான்.

சந்தேகமிருந்தால் நடுவில் மூன்றாவது குறி ஒன்றைப் போட்டு, மேல் பாதிக்கும் கீழ்ப் பாதிக்கும் ஆன நேரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் போதும்.

புள்ளிகள் கோட்டிலேயே நிற்கவில்லை, மேலும் கீழும் குதிக்கின்றன. என்ன காரணமாக இருக்கும்?

முதலில் வெப்பநிலையைப் பாருங்கள். 20 டிகிரியில் 1.41 ஆக இருக்கும் கிளிசரின் 25 டிகிரியில் சுமார் 0.95-க்கு இறங்கிவிடும், ஒரு டிகிரிக்கு 8 சதவீதம். காலையில் சின்னக் குண்டுகளையும் மதியம் பெரிய குண்டுகளையும் போட்டால் நீங்கள் ஆரத்தோடு வெப்பநிலையையும் சேர்த்து மாற்றியிருக்கிறீர்கள். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, குண்டுகளை அளவு வரிசையில் போடாமல் கலந்து போடுவது, முதலில் போட்ட அளவுக் குண்டையே கடைசியிலும் ஒரு தடவை போட்டுப் பார்ப்பது. இரண்டு நேரமும் ஒத்துப்போகவில்லை என்றால் இடையில் திரவம் மாறிவிட்டது.

கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஒரு சதவீதம் தண்ணீர் சேர்ந்தாலே பாகியல் எண் 1.41-லிருந்து 1.15 அளவுக்கு வந்துவிடும். திறந்தபடி நாட்கணக்கில் கிடந்த ஜாடியில் புத்தக மதிப்பை எதிர்பார்க்காதீர்கள்.

அப்புறம் நேரம். குறிகளுக்கு இடையே 20 செ.மீ. இருந்தால் 1 மி.மீ. குண்டுக்கு 21.6 நொடி ஆகும், கை 0.2 நொடி தவறினாலும் ஒரு சதவீதம்தான். 4 மி.மீ. குண்டு 1.8 நொடியில் போய்விடும், அதே 0.2 நொடி இப்போது 11 சதவீதம். பெரிய குண்டுகளை ஃபோனில் வீடியோ எடுத்து, சட்டங்களை எண்ணி நேரம் பாருங்கள், கண்ணையும் கட்டைவிரலையும் நம்ப வேண்டாம். சின்னக் குண்டில் பிரச்சினை வேறு பக்கம்: விட்டம் 2 மி.மீ.-இல் 0.02 மி.மீ. தவறினால் 1 சதவீதம், அது r² ஆகும்போது 2 சதவீதமாகிறது. திருகு அளவியின் சுழிப் பிழையைக் கழிக்க மறந்தால் இங்கேதான் அடி விழும்.

கடைசியாகக் காற்றுக் குமிழி. உலர்ந்த குண்டை அப்படியே போட்டால் ஒரு குமிழி ஒட்டிக்கொண்டே கீழே வரும், அந்தக் குண்டு தன் அளவுக்கான வேகத்தைவிட மெதுவாக இறங்கும். அதே கிளிசரினில் ஒரு முறை நனைத்து எடுத்து, திரவப் பரப்புக்கு மிக அருகிலிருந்து, ஜாடியின் நடுவில் விடுங்கள். பக்கவாட்டில் சுவரை ஒட்டி இறங்கிய குண்டின் அளவீட்டை விட்டுவிடுங்கள், ஃபாக்சன் திருத்தம் நடு அச்சுக்குத்தான்.

இதே குண்டைத் தண்ணீரில் போட்டால் சூத்திரம் வேலை செய்யுமா?

செய்யாது. 1 மி.மீ. ஆரமுள்ள ஸ்டீல் குண்டுக்கு ஸ்டோக்ஸ் சூத்திரம் தண்ணீரில் நொடிக்கு ஏறக்குறைய 15 மீட்டர் என்று சொல்லும். உண்மையில் அது அரை மீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அந்த வேகத்தில் Re ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறது, குண்டின் பின்னால் திரவம் சுழல்கிறது, இனி தடையைத் தீர்மானிப்பது பாகியல் இல்லை, குண்டு ஒதுக்கித் தள்ளும் தண்ணீரின் நிலைமம். அங்கே தடை r²v² ஆகப் போகும். எடை r³ என்பதால் v² என்பது r ஆகிறது, வேகம் ஆரத்தின் வர்க்கமூலமாக மட்டுமே கூடுகிறது. தண்ணீரில் ஆரத்தை நான்கு மடங்காக்கினால் வேகம் இரண்டு மடங்குதான். கிளிசரினில் அதுவே பதினாறு மடங்கு.

இந்த இரண்டுக்கும் நடுவில் அடுக்கு 2-லிருந்து அரைக்கு மெல்ல இறங்கிக்கொண்டே வரும், எங்கும் சட்டென்று உடையாது. ஆகவே உங்கள் அடுக்கு 2-ஐவிடக் குறைவாக வந்தால் காரணம் சுவரா நிலைமமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதே குண்டுகளை அகலமான வேறொரு ஜாடியில் போட்டுப் பாருங்கள். அடுக்கு 2-ஐ நோக்கி நகர்ந்தால் சுவர். நகராவிட்டால் Re-ஐக் கணக்கிட்டுப் பாருங்கள்.